பிரெஞ்சு அலுவலக மெயிலில் எங்கே சிரிக்கலாம்?

"வெள்ளிக்கிழமைக்குள் கோப்பை அனுப்பி வைப்பதற்கு நன்றி." பிரான்ஸின் அலுவலகங்களில் தினமும் பறந்துகொண்டிருக்கும் வாக்கியம் இது. 'மெர்சி' என்று ஆரம்பித்தாலும் இது நன்றி இல்லை. அனுப்பு என்று சொல்வதற்கான நாகரிகமான வழி. பெறுபவரும் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார், முகம் சுளிக்காமல் கோப்பை அனுப்பிவிடுவார். இதே வாக்கியத்தின் கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி விழுந்தால் நிலைமை மாறிவிடும். எழுதியவர் உற்சாகத்தைக் காட்ட நினைத்திருக்கலாம். படிப்பவர் காதில் மேசையைத் தட்டும் ஓசைதான் விழும்: எத்தனை தடவை கேட்பது!

அதே குறி மெயிலின் முதல் வரியில், "போன்ஜூர் !" என்று வந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கடைசி வரியில் "இனிய நாளாகட்டும் !" என்று வந்தாலும் அப்படியே. வரவேற்பு, நன்றி, விடைபெறுதல் ஆகிய மூன்று இடங்களிலும் ஆச்சரியக்குறி புன்னகையாகப் படிக்கப்படுகிறது. வேண்டுகோள், தகவல், திருத்தம் ஆகியவற்றில் அது குரலை உயர்த்துகிறது. "இந்த ஆவணத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டேன்" என்பது தகவல். குறி சேர்ந்தால் குற்றச்சாட்டு. இரண்டு மூன்று குறிகளை வரிசையாகப் போட்டால், எந்த இடமானாலும், ஒன்று கோபம், இல்லையென்றால் சிறுபிள்ளைத்தனம்.

இடையில் ஒரு சின்ன விஷயம். பிரான்ஸில் ஆச்சரியக்குறிக்கும் கேள்விக்குறிக்கும் முன்னால் ஓர் இடைவெளி விடுவது அச்சு மரபு. கனடாவின் கியூபெக்கில் அப்படி விடுவதில்லை. அதனால் குறியைச் சொல்லோடு ஒட்டி எழுதியிருந்தால், எழுதியவர் வெளியூர்க்காரராக இருக்கலாம், அல்லது அவசரத்தில் கைபேசியில் தட்டியிருக்கலாம் என்று கூர்ந்து படிப்பவருக்குத் தோன்றும். இதற்காக யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை, ஆனால் கண்ணில் படும்.

எமோஜிக்கு வருவோம். மெயிலில் அது முதலில் தொழில்நுட்பக் கோளாறாகத்தான் பலருக்கு அறிமுகமானது. அவுட்லுக்கில் முற்றுப்புள்ளி இரண்டும் அடைப்புக்குறியும் சேர்த்துச் சிரிப்பு போட்டால், மென்பொருள் அதைத் தானாகவே ஒரு சித்திர எழுத்துருவின் முகமாக மாற்றிவிடும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முகம் தெரியாது, 'J' என்ற எழுத்து மட்டும் தனியாக நிற்கும். வாக்கியத்தின் கடைசியில் அந்த எழுத்து ஏன் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று குழம்பியவர்கள் உலகெங்கும் ஏராளம். இன்றும் ஒரே முகம் ஒரு திரையில் வெட்கமாகவும் இன்னொன்றில் நக்கலாகவும் தெரிவதுண்டு.

பிரெஞ்சு அலுவலகத்தில் எமோஜிக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான். 'இதை நேராக எடுத்துக்கொள்ளாதே' என்று அடையாளம் காட்டுவது. பிரெஞ்சுக்காரர்களின் நகைச்சுவையில் பெரும்பகுதி சொல்வதற்கு நேர்மாறாகப் பொருள் கொள்வது. வேலையைச் சொதப்பிய தோழனிடம் முகத்தைச் சற்றும் மாற்றாமல் "சபாஷ்" என்பார்கள். நேரில் குரலும் புருவமும் காட்டிக்கொடுத்துவிடும். மெயிலில் அவை இரண்டும் இல்லை, அந்த இடத்தை ஒரு முகம் நிரப்புகிறது. ஆனால் முகம் போட்டுத்தான் விளக்க வேண்டும் என்ற நிலையில் இருக்கும் கிண்டலை எழுதாமலே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. கண்ணடிக்கும் முகம் இன்னும் சிக்கலானது. அறிமுகம் குறைந்தவருக்கு அனுப்பினால் அது அசட்டுத் துணிச்சலாகத் தெரியும், சிலருக்கு வழிசலாகவே தெரியும். சட்டமும் பக்கத்தில்தான் நிற்கிறது. 2021 ஆகஸ்ட் 2 தேதியிட்ட சட்டம் பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கான வரையறையை விரித்து, பாலினத்தை இழிவுபடுத்தும் பேச்சையும் நடத்தையையும் அதில் சேர்த்தது. 2022 மார்ச் 31 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வாயால் சொன்ன வேடிக்கை காற்றோடு போகலாம். மெயிலில் எழுதியது தேதியோடும் நேரத்தோடும் தொழிலாளர் நீதிமன்றத்தின் மேசைக்கே வந்துவிடும்.

அப்படியென்றால் வேடிக்கையே கூடாதா? கூடும், ஆனால் அது யார் மேல் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இணைப்பை மறந்து மெயிலை அனுப்பிவிட்டு, அடுத்த நிமிடம் மறுபடி அனுப்பும்போது பிரெஞ்சுக்காரர்கள் எழுதும் ஒரு வரி உண்டு: "இணைப்போடு அனுப்பினால் இன்னும் நன்றாயிருக்கும் !" கிட்டத்தட்ட மரபுத்தொடர் ஆகிவிட்டது. எழுதுபவர் தன்னையே கிண்டல் செய்துகொள்கிறார், யாருக்கும் காயமில்லை, ஆச்சரியக்குறியும் சரியான இடத்தில் இருக்கிறது. பெரிய அதிகாரிக்கும் இதை அனுப்பலாம். ஆனால் பெறுபவரின் தாமதத்தையோ, அவருடைய மேலாளரையோ, ஒரு கெட்ட செய்தியையோ தொட்டு எழுதும் வேடிக்கை, எவ்வளவு நன்றாக வாய்த்திருந்தாலும், இன்னொருவருக்கு அனுப்பப்படும்போது வேறு முகம் காட்டும்.

வேடிக்கை காட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 'ஜாலியாகவும் திறமையாகவும்' என்பதைக் கொள்கையாக வைத்திருந்த ஓர் ஆலோசனை நிறுவனம், அந்த ஜாலியில் கலந்துகொள்ள மறுத்த மேலதிகாரி ஒருவரை 2015-இல் வேலைநீக்கம் செய்தது. 2022 நவம்பர் 9 அன்று பிரான்ஸின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், அது அவருடைய கருத்துச் சுதந்திரத்தை மீறுவது என்று சொல்லிவிட்டது.

எதிரே இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வயதைப் பார்த்து முடிவு செய்வது நம் பழக்கம். அங்கே அது அவ்வளவாக உதவாது. பிரெஞ்சிலும் 'நீ', 'நீங்கள்' இரண்டும் உண்டு. ஆனால் நம்மைப்போல மூத்தவர் 'நீ' என்பார், இளையவர் 'நீங்கள்' என்பார் என்று இல்லை. பெரும்பாலும் இருவரும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துவார்கள். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 25 வயதுக்காரர் 55 வயது இயக்குநரை முதல் நாளே 'நீ' என்பார். ஒரு வங்கியில் பக்கத்துப் பக்கத்து மேசைக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் 'நீங்கள்' என்றே பேசிக்கொள்வார்கள். வழக்கறிஞருக்கும் சொத்துப் பத்திரம் எழுதும் நோத்தேருக்கும் பெயருக்கு முன் 'மேத்ர்' என்று போட்டே எழுதுவார்கள். அங்கே சிரிக்கும் முகத்துக்கு வேலையில்லை.

தடயம் அவர் எழுதிய மெயிலிலேயே இருக்கிறது. தொடக்கத்தைப் பாருங்கள். வெறும் "மதாம்," என்று ஆரம்பித்தால் உச்சகட்ட மரியாதை. "போன்ஜூர் மதாம்" ஒரு படி கீழே. "போன்ஜூர்" என்று முதல் பெயரைச் சேர்த்து எழுதினால் இன்னும் நெருக்கம். "சலூ" என்றால் நண்பர். முடிவையும் பாருங்கள். "கோர்தியால்மோன்" என்பது எல்லோரும் போடும் சாதாரண முடிவு. அதன் முன்னால் "பியான்" சேர்ந்தால் கொஞ்சம் கதகதப்பு. வழக்கமாக "பியான்" போடுபவர் திடீரென்று அதை விட்டுவிட்டால், அல்லது சொல்லைச் சுருக்கி நான்கு எழுத்தாக்கிவிட்டால், என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டிய நேரம். தானியங்கிக் கையொப்பத்துக்கு மேலே முதல் பெயரை மட்டும் தட்டியிருக்கிறாரா என்பதும் முக்கியம். அது ஓர் அழைப்பு.

நான் பின்பற்றச் சொல்வது இதைத்தான். அவர் நிற்கும் படியில் நில்லுங்கள், அதற்கு மேல் ஒரு படிகூட முந்தாதீர்கள். 'நீங்கள்' நிலவும் வரை, அவர் முதலில் எமோஜி போடாதவரை, நாமும் போட வேண்டியதில்லை.

ஒரு கற்பனை உதாரணத்தோடு பார்க்கலாம். லியோன் நகரில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, வாடிக்கையாளர் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் உள்ள பெண்மணிக்கு பில் அனுப்புகிறாள். முதல் மெயில் "போன்ஜூர் மதாம்" என்று தொடங்குகிறது. இரண்டு வாக்கியம், "கோர்தியால்மோன்", முழுப் பெயர். ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லை. மறுநாள் பதில் வருகிறது. அவளுடைய முதல் பெயரைச் சொல்லி "போன்ஜூர்", பில் கிடைத்தது, "இனிய நாளாகட்டும் !", கீழே முதல் பெயர் மட்டும். ஆனால் உள்ளே எல்லா வினைச்சொல்லும் 'நீங்கள்'. இனி அவளும் முதல் பெயர் சொல்லி எழுதலாம், நன்றிக்கு ஒரு ஆச்சரியக்குறி போடலாம். 'நீங்கள்' அப்படியே இருக்க வேண்டும், முகம் இன்னும் வேண்டாம்.

அடுத்த பில்லின்போது இணைப்பை மறக்கிறாள். அந்த மரபான வரியோடு திரும்ப அனுப்புகிறாள். "எனக்கும் அடிக்கடி இப்படித்தான்" என்று பதில், கூடவே ஒரு சிரிக்கும் முகம். கதவைத் திறந்தது அந்தப் பெண்மணி. இனி இவளும் ஒருமுறை சிரிக்கலாம்.

பிறகு பணம் வரவில்லை. பிரெஞ்சு வணிகச் சட்டப்படி வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் 30 நாளில் வர வேண்டிய தொகை அது. அங்கே 'ரலான்ஸ்' என்று சொல்லும் நினைவூட்டல் மெயிலை எழுத வேண்டும். இங்கேதான் சிரிக்கும் முகத்தின் மேல் ஆசை வரும், கேட்பது பணம் என்பதால் கொஞ்சம் மென்மையாக்கலாமே என்று. அதைச் செய்யக் கூடாது. பணத்தைக் கேட்கும் வரியில் முகம் போட்டால், அவசரமில்லை என்று ஒருவர் படிப்பார், கேலி செய்கிறாள் என்று இன்னொருவர் படிப்பார். மென்மைக்கு பிரெஞ்சில் வேறு கருவி இருக்கிறது: "என் தரப்பில் தவறு இல்லையென்றால், இந்தத் தொகை இன்னும் வந்து சேரவில்லை." பிழை தன்னுடையதாகவும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டபடி கேட்பதால் எதிராளிக்கு முகம் கொடுத்துப் பதில் சொல்ல வழி கிடைக்கிறது.

பெண்மணியின் பதிலில் அவருடைய நிதி இயக்குநர் நகல் வரியில் சேர்ந்திருக்கிறார். படிப்பவர் இப்போது இருவர். அவர்களில் ஒருவருக்கு மறந்துபோன இணைப்பின் கதை தெரியாது. அதனால் அவள் "போன்ஜூர் மதாம், போன்ஜூர் மொசியே" என்று முதல் நாள் நின்ற படிக்கே இறங்கிவிடுகிறாள். அடுத்த வாரம் தொகை வந்துசேர்கிறது. தகவல் சொல்லும் மெயிலில் நகல் வரி காலி, முதல் பெயரோடு "போன்ஜூர்", கடைசியில் சிரிக்கும் முகம். இயக்குநர் இப்போது இந்த உரையாடலில் இல்லை. அவள் "மெர்சி !" என்று எழுதி, ஒரு முகத்தையும் சேர்த்து அனுப்புகிறாள்.