ஜெயித்த பிறகுதான் விசாரணை

2017 மே மாதம். போக்கர்ஸ்டார்ஸ் தளம் நடத்தும் 'ஸ்கூப்' என்ற இணையப் போக்கர் தொடரில் ஒரு போட்டியை அமெரிக்கரான கார்டன் வேயோ வென்றார். பரிசுத் தொகை ஏறக்குறைய 6,92,000 டாலர். முந்தைய ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தவர் அவர். ஆனாலும் இந்தப் பணம் அவர் கைக்கு வரவில்லை. அவர் விபிஎன் வழியாக அமெரிக்காவிலிருந்தே ஆடியிருக்கலாம் என்று தளம் சந்தேகப்பட்டது. கனடாவில் இருந்துதான் ஆடினேன் என்றார் அவர்.

அமெரிக்காவில் இருந்தால் என்ன குற்றம் என்று கேட்கத் தோன்றும். 2011 ஏப்ரலில் அமெரிக்க அரசு பெரிய போக்கர் தளங்கள் மீது வழக்குப் போட்டு அவற்றின் இணைய முகவரிகளைக் கைப்பற்றியது. அந்த விவகாரத்தை முடிக்க போக்கர்ஸ்டார்ஸ் 2012இல் 73 கோடி டாலருக்கும் மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதன் பிறகு, உரிமம் இல்லாத இடத்திலிருந்து ஒருவரை ஆடவிட்டதாகத் தெரிந்தால் ஆபத்து ஆட்டக்காரருக்கு மட்டுமில்லை, தளத்துக்கும்தான். எந்த நாட்டில் இருந்துகொண்டு ஆடுகிறார் என்பதே உரிமத்தின் அடிப்படை. பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது அடுத்த கேள்வி.

விபிஎன் மறைப்பது அந்த இடத்தைத்தான். வீட்டு இணைப்பின் ஐபி முகவரிக்குப் பதிலாக, வேறு ஊரில் இருக்கும் ஒரு சர்வரின் முகவரி தளத்துக்குத் தெரியும். ஆனால் அது மறைக்காதவை ஏராளம். போனின் ஜிபிஎஸ், கணினியின் நேர மண்டலம், பணம் போட்ட வங்கி அட்டையின் நாடு, விபிஎன் அறுந்த ஒரு நிமிடத்தில் பதிவாகிவிட்ட உண்மையான முகவரி. விபிஎன் நிறுவனங்களின் சர்வர் முகவரிகளுக்கும் பட்டியல் உண்டு, தளங்கள் அதைக் காசு கொடுத்து வாங்குகின்றன. காலையில் மொன்றியால், மதியம் லாஸ் ஏஞ்சலஸ் என்று பதிவேடு காட்டினால் ஆளை அழைத்துக் கேட்கவே வேண்டியதில்லை.

அப்படியானால் நுழையும்போதே தடுக்கலாமே? வேயோவின் ஆத்திரமும் அதுதான். 2018இல் கலிபோர்னியா நீதிமன்றத்தில் அவர் வழக்குப் போட்டபோது, தோற்கும்வரை பணத்தை வாங்கிக்கொண்டு, ஜெயித்த பிறகு மட்டும் தளம் விசாரணை நடத்துகிறது என்று குற்றம்சாட்டினார். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. உள்ளே வரும் நூறு டாலரை யாரும் துருவிப் பார்ப்பதில்லை, வெளியே போகும் ஆறு லட்சத்தைத் துருவுகிறார்கள். ஆனால் கணக்குத் தொடங்கும்போது நாம் படிக்காமலே 'சம்மதம்' அழுத்தும் விதிகள் தளத்தின் பக்கம் நிற்கின்றன. எங்கே இருந்தோம் என்று நிரூபிக்கும் சுமையும் நடைமுறையில் ஆட்டக்காரர் தலையில்தான் விழுகிறது. வேயோ தரப்பு கொடுத்த சில ஆவணங்கள் போலி என்று போக்கர்ஸ்டார்ஸ் குற்றம்சாட்டியது. அவர் வழக்கைத் திரும்பப் பெற்றார்.

எதையும் மறைக்க நினைக்காதவரும் விபிஎன்னால் மாட்டலாம். அலுவலக வேலைக்காகப் போட்டதை அணைக்க மறந்து ஆடுபவரை நினைத்துப் பாருங்கள். அதே சர்வர் முகவரியை முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானோர் பயன்படுத்துவார்கள். அவர்களில் ஒருவர் ஏமாற்றியதற்காகத் தடை செய்யப்பட்டவராக இருந்தால், இவருடைய கணக்கும் அவரோடு முடிச்சுப் போடப்படும்.

ஒரே லேப்டாப்பை வீட்டில் பலரும் பயன்படுத்தும்போதும் இதே முடிச்சுதான். தளத்தின் மென்பொருள் ஐபி முகவரியோடு நிற்காமல் கருவியின் அடையாளத்தையும் குறித்துக்கொள்கிறது. அண்ணனும் தம்பியும் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தாலும், ஒரே கருவியிலிருந்து ஒரே போட்டியில் இறங்கினால் தளத்துக்கு இரண்டு சந்தேகம் வரும். ஒருவரே இரண்டு பெயரில் ஆடுகிறாரா, அல்லது இருவரும் சீட்டைக் காட்டிக்கொண்டு மூன்றாமவரை மொட்டையடிக்கிறார்களா? 'ஒரு வீட்டுக்கு ஒரு போனஸ்' என்று விதி வைத்திருக்கும் தளங்களில், இரண்டாவது கணக்கு போனஸ் வாங்கி ஜெயித்ததும் ரத்தாகிவிடும். வீட்டில் இன்னொருவரும் ஆடுகிறார் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துவது ஓரளவு காப்பாற்றும். கணக்கையே கைமாற்றினால் அதுவும் உதவாது.

2007இல் அதே போக்கர்ஸ்டார்ஸின் உலக இணையப் போட்டித் தொடரில் முதன்மைப் போட்டியை வென்ற கணக்கின் பெயர் 'TheV0id'. பரிசு 12 லட்சம் டாலருக்கு மேல். கணக்கு ஒரு தொழில்முறை ஆட்டக்காரரின் சகோதரி பெயரில் இருந்தது. ஆடியது அவர் இல்லை என்று முடிவுசெய்த தளம் அந்தக் கணக்கைத் தகுதி நீக்கியது. சகோதரி வழக்குப் போட்டார், பிறகு கைவிட்டார். இரண்டாவதாக வந்தவருக்கு முதல் பரிசு போனது.