20 மில்லிகிராம் எல்லைக்கோடு

2017-ம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். தனது வருடாந்தரத் தேர்வு முகாமை இண்டியானாபொலிஸ் நகரில் நடத்தியது. கல்லூரி அணிகளில் ஆடிப் பெயர் வாங்கிய இளைஞர்கள் அங்கே ஓடியும் தாவியும் தங்கள் திறமையைக் காட்ட வேண்டும். கூடவே போதைப்பொருள் சோதனைக்குச் சிறுநீரும் கொடுக்க வேண்டும். அந்த ஆண்டு ஜாப்ரில் பெப்பர்ஸ், ரூபன் ஃபாஸ்டர் என்ற இரண்டு முன்னணி வீரர்கள் சோதனையில் தேறவில்லை. இருவரின் மாதிரியும் அளவுக்கு மீறி நீர்த்திருந்தது என்பதுதான் காரணம். உடல்நிலை சரியில்லாததால் நிறையத் தண்ணீர் குடித்ததாக அவர்கள் தரப்பில் சொல்லப்பட்டது. லீக்கின் விதியோ, நீர்த்த மாதிரியையும் பாசிட்டிவ் முடிவுக்குச் சமமாகவே எடுத்துக்கொண்டது.

தண்ணீர் குடித்ததைக் குற்றமாகப் பார்க்கலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் சோதனைக்கூடத்தின் சிக்கலையும் பார்க்க வேண்டும். மருந்துச் சோதனைகள் பெரும்பாலும் 'இருக்கிறதா, இல்லையா' என்று மட்டும் பார்ப்பதில்லை, 'எவ்வளவு செறிவு' என்றும் பார்க்கின்றன. அப்போது கஞ்சாவின் கழிவுப்பொருளுக்கு என்.எஃப்.எல். வைத்திருந்த எல்லை, ஒரு மில்லிலிட்டருக்கு 35 நானோகிராம். ஒருவரின் சிறுநீரில் அது 100 நானோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் தண்ணீரை ஏராளமாகக் குடித்துச் சிறுநீரைப் பத்து மடங்கு நீர்க்க வைத்தால், அது 10 ஆகச் சரிந்துவிடும். உடலிலிருந்து வெளியேறும் கழிவின் அளவு மாறியிருக்காது, ஆனால் முடிவு நெகட்டிவ் என்று வரும்.

சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பதை அறிய, அதிலேயே இருக்கும் ஏதாவது ஒரு பொருள் அளவுகோலாக வேண்டும். மனம்போனபடி கூடவோ குறையவோ செய்யாத பொருளாக அது இருக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் கிரியேட்டினின் பயன்படுகிறது.

தசைகளில் கிரியேட்டின் என்ற பொருள் இருக்கிறது. திடீர் விசை தேவைப்படும் சில நொடிகளுக்கு ஆற்றல் தருவது அதன் வேலை. 70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் சுமார் 120 கிராம் கிரியேட்டின் இருக்கும். ஒவ்வொரு நாளும் அதில் 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான பங்கு தானாகவே கிரியேட்டினினாக மாறி, ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. இந்த மாற்றத்துக்கு எந்த என்சைமும் தேவையில்லை. ஒருவர் தூங்கினாலும் ஓடினாலும் அது ஏறக்குறைய ஒரே வேகத்தில் நடந்துகொண்டிருக்கும். சராசரி ஆணுக்கு இது நாளொன்றுக்கு ஒன்றரை கிராம் என்று கொண்டால், நிமிடத்துக்குச் சுமார் ஒரு மில்லிகிராம்.

மற்றவற்றை இந்த ஒரு மில்லிகிராமை வைத்துக் கணக்கிட்டுவிடலாம். சாதாரணமாகச் சிறுநீர் நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் வீதம் ஊறுகிறது. அப்போது 100 மில்லிலிட்டர் சிறுநீரில் 100 மில்லிகிராம் கிரியேட்டினின் இருக்கும். அதே மனிதர் ஒரேயடியாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தால், ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீர் நிமிடத்துக்குப் பத்து மில்லிலிட்டராகப் பெருகும். கிரியேட்டினின் மட்டும் பழைய வேகத்திலேயே வரும். ஆக, 100 மில்லிலிட்டரில் இருப்பது 10 மில்லிகிராம்தான். 20-க்குக் கீழே போனால் 'நீர்த்த மாதிரி' என்று சந்தேகிப்பதன் அடிப்படை இதுதான்.

இதைவிடக் கடுமையான இன்னொரு எல்லையும் உண்டு. அமெரிக்கப் பணியிடச் சோதனைகளில் 100 மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்து, அடர்த்தியும் பொருந்தாமல் போனால், அது மனிதச் சிறுநீர்தானா என்றே கேட்கிறார்கள். நாம் பார்த்த மனிதருக்கு அந்த அளவு வர வேண்டுமென்றால், சிறுநீரகம் நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டர் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். ஆரோக்கியமான எந்தச் சிறுநீரகமும் அந்த வேகத்தை எட்டாது. இந்த எல்லை முன்பு 5 மில்லிகிராமாக இருந்தது. மெலிந்த உடல்வாகு கொண்ட சில பெண்களால் உண்மையிலேயே அந்த அளவுக்குக் கீழே போக முடியும் என்பது தெரிந்த பிறகுதான் அது 2 ஆகக் குறைக்கப்பட்டது. தசை குறைந்தவர்களுக்குக் கிரியேட்டினினும் குறைவு என்பதால், ஒரே எல்லைக்கோடு எல்லா உடலுக்கும் சமமான நீதி வழங்குவதில்லை. இந்தச் சோதனையின் உண்மையான பலவீனம் இதுதான்.

அதனால்தான் கிரியேட்டினினை மட்டும் நம்பி யாரும் முடிவு கட்டுவதில்லை. சிறுநீரின் ஒப்படர்த்தியையும், அதாவது தண்ணீரைவிட அது எவ்வளவு கனமானது என்பதையும், சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒலிம்பிக் போன்ற போட்டிகளில் மாதிரி எடுக்கும் இடத்திலேயே சிறு கருவியில் சில துளிகள் விட்டு, ஒப்படர்த்தி தேவையான குறைந்தபட்ச அளவைத் தொடுகிறதா என்று பார்ப்பதுதான் வழக்கம். தொடவில்லையென்றால் வீரர் இன்னொரு மாதிரி தரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மேலும் தண்ணீர் குடித்தால் காத்திருப்புதான் நீளும்.

ஒப்படர்த்தியை உப்பைப் போட்டே கூட்டிவிடலாம். ரஷ்யாவின் ஊக்கமருந்து விவகாரம் குறித்து 2016-ல் வெளியான மெக்லாரன் அறிக்கை, சோச்சி ஒலிம்பிக் மாதிரிகள் சிலவற்றில் மனித உடலில் இருக்கவே முடியாத அளவுக்கு உப்பு இருந்ததைச் சுட்டிக்காட்டியது. மாற்றிவைத்த சிறுநீரின் ஒப்படர்த்தி, படிவத்தில் எழுதியிருந்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக உப்பு சேர்க்கப்பட்டதாக அந்த அறிக்கை கூறியது. உப்பு ஒப்படர்த்தியை ஏற்றுமே தவிர, கிரியேட்டினினை ஒரு மில்லிகிராம்கூட ஏற்றாது. இரண்டு அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதன் பயன் இது.

சரி, ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் பவுடராகக் கரைத்துக் குடிக்கும் கிரியேட்டினுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? முதலில், கிரியேட்டின் தடைசெய்யப்பட்ட பொருள் அல்ல. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பட்டியலில் அது இல்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற லின்ஃபோர்ட் கிறிஸ்டி அதைப் பயன்படுத்தியதாகச் செய்தி வந்த பிறகுதான் அது உலகெங்கும் பரவியது.

கிரியேட்டின் கிரியேட்டினினாக மாறுகிறது என்றால், தண்ணீரோடு கிரியேட்டினையும் சாப்பிட்டு நீர்ப்பை மறைத்துவிடலாமே என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தவறு. நாளுக்கு 20 கிராம் வீதம் ஐந்தாறு நாள் சாப்பிட்டாலும், தசையில் சேரும் கிரியேட்டின் சுமார் 20 சதவீதம்தான் கூடும். தசை ஏற்காத மிச்சத்தின் பெரும்பகுதி கிரியேட்டினாகவே சிறுநீரில் போய்விடும். தசையில் சேர்ந்ததோ மெதுவாகத்தான் கிரியேட்டினினாக மாறும். எனவே தினசரிக் கிரியேட்டினினும் ஏறக்குறைய அதே 20 சதவீதம்தான் உயரும். நம் உதாரணத்து மனிதரின் 10 மில்லிகிராம் 12 ஆகும், 20-ஐத் தொடாது.

ரத்தப் பரிசோதனையில் கதை வேறு. அங்கே கிரியேட்டினின் கூடியிருந்தால் சிறுநீரகம் பழுதாகிறதோ என்று மருத்துவர் யோசிப்பார். கிரியேட்டின் சாப்பிடுபவருக்கும், தசைக்கட்டு மிகுந்தவருக்கும், சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே அந்த எண் சற்று உயரக்கூடும். அதனால் பரிசோதனைக்கு முன்பே தான் கிரியேட்டின் எடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால், தசையின் அளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின்-சி என்ற புரதத்தை அளந்து பார்க்கலாம்.