ஒரு தடவை காட்டினால் எத்தனை விநாடி?

யூடியூப் சேனல் நடத்துகிற இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் பேச்சு சீக்கிரமே சண்டையில் வந்து நிற்கும். ஒருவர் தம்ப்நெயில் கட்சி. ஆளைக் கிளிக் பண்ண வைக்காவிட்டால் உள்ளே என்ன இருந்து என்ன பயன் என்பார். அவருக்குப் பிடித்த எண் சி.டி.ஆர்., அதாவது காட்டிய தடவைகளில் எத்தனை சதவீதம் கிளிக் ஆனது என்பது. இன்னொருவர் உள்ளடக்கக் கட்சி. உள்ளே வந்தவர் எத்தனை நிமிஷம் நின்றார் என்ற சராசரியைத்தான் அவர் பார்ப்பார். இருவர் சொல்வதும் பாதி சரி. அந்த இரண்டு எண்களையும் பெருக்கினால் மூன்றாவதாக ஒரு எண் வரும். வீடியோவை ஒருவர் கண்ணில் ஒரு தடவை காட்டியதற்கு எத்தனை விநாடி பார்வை கிடைத்தது என்பதுதான் அது. ஹோம் பக்கத்தில் ஒரு வீடியோ தேறுமா என்று ஒரே ஒரு எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

‘காட்டியது’ என்றால் என்ன என்பதற்கு யூடியூப் ஒரு வரையறை வைத்திருக்கிறது. தம்ப்நெயிலில் பாதியாவது திரையில் தெரிந்து, ஒரு விநாடிக்கு மேல் இருந்தால் ஒரு இம்ப்ரெஷன். விரலால் சரசரவென்று தள்ளிவிட்டுப் போனால் கணக்கில் வராது. நோட்டிஃபிகேஷனும், வேறு இணையதளங்களில் ஒட்டிய வீடியோவும், வீடியோ முடிவில் வரும் எண்ட் ஸ்கிரீனும் இதில் சேராது. ஆக, இம்ப்ரெஷன் என்பது யூடியூப் தன் பக்கத்தில் உங்களுக்குக் கொடுத்த ஓர் இடம். மளிகைக் கடை வாசலில் பரப்பி வைக்கும் தட்டு மாதிரி. எத்தனை பேர் எடுத்துப் பார்த்தார்கள் என்பதைவிட, அந்த இடம் எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தது என்பதே கடைக்காரர் கணக்கு.

கடைக்காரர் உண்மையிலேயே அப்படித்தான் கணக்குப் போட்டார் என்பதற்கு எழுத்து மூலமான ஆதாரம் இருக்கிறது. 2012-இல் யூடியூப் பரிந்துரையில் வியூஸ் எண்ணிக்கையை விட்டு வாட்ச் டைமுக்கு மாறியது. நான்கு வருஷம் கழித்து, 2016-இல், அங்கே வேலை பார்த்த பால் கவிங்டன், ஜே ஆடம்ஸ், எம்ரே சார்கின் மூவரும் தங்கள் பரிந்துரை இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். முதல் கட்டத்தில் லட்சக்கணக்கான வீடியோக்களிலிருந்து சில நூறைச் சலித்தெடுக்கிறார்கள். இரண்டாம் கட்டத்தில் அந்த நூற்றுக்கணக்கானவற்றுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். அந்த மதிப்பெண்ணின் அடிப்படை, ஒரு இம்ப்ரெஷனுக்கு எதிர்பார்க்கக்கூடிய வாட்ச் டைம். கிளிக் விகிதத்தை வைத்து வரிசைப்படுத்தினால் ஏமாற்றுத் தலைப்புகள் மேலே வந்துவிடுகின்றன, ஆட்கள் பாதியில் போய்விடுகிறார்கள் என்று காரணத்தையும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

அவர்கள் செய்த தந்திரம் எளிமையானது. கிளிக் ஆகாத ஒவ்வொரு இம்ப்ரெஷனுக்கும் எடை ஒன்று. கிளிக் ஆனதற்கு, பார்த்த நேரம் எத்தனை விநாடியோ அத்தனை எடை. ஆயிரம் தடவை காட்டி 40 பேர் கிளிக் செய்து, ஆளுக்கு 300 விநாடி பார்த்தார்கள் என்று வையுங்கள். கிளிக் பக்கம் எடை 12,000. மறுபக்கம் 960. வகுத்தால் 12.5. நேரடியாக 12,000-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 12. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிளிக் விகிதம் குறைவாக இருக்கும் இடத்தில் இந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. யூடியூபிலோ பாதி சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் சி.டி.ஆர். 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது என்று அந்நிறுவனமே சொல்கிறது.

இனி ஒரு கற்பனைக் கணக்கு. பழைய பைக் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒருவர் பன்னிரண்டு நிமிஷ வீடியோ போடுகிறார். முதல் தம்ப்நெயிலில் எஞ்சின் அடியில் ஆயில் கசிந்த இடம், அதைச் சுற்றி ஒரு வட்டம். இரண்டாவதில் தலையில் கை வைத்த முகம், ‘அறுபதாயிரம் போச்சு!’ என்ற எழுத்து. இரண்டையும் லட்சம் தடவை காட்டியாயிற்று. முதலாவதற்கு சி.டி.ஆர். 4 சதவீதம், வந்தவர்கள் சராசரியாக 5 நிமிஷம் பார்க்கிறார்கள். இரண்டாவதற்கு சி.டி.ஆர். 7 சதவீதம், ஆனால் சராசரி 2 நிமிஷம் 20 விநாடி. பணம் போன கதையைக் கேட்க வந்தவர் செயின் ஸ்ப்ராக்கெட் தேய்மானம் பற்றிய பேச்சைக் கேட்டதும் கிளம்பிவிடுகிறார். ரிடென்ஷன் வரைபடத்தைத் திறந்தால், முதல் அரை நிமிஷத்திலேயே கோடு கிணற்றில் இறங்குகிற மாதிரி இறங்கியிருக்கும்.

பெருக்கிப் பார்ப்போம். முதலாவது இம்ப்ரெஷனுக்கு 12 விநாடி. இரண்டாவது 9.8 விநாடி. வியூஸ் நாலாயிரத்துக்கு ஏழாயிரம் என்று இரண்டாவது ஜெயித்திருக்கிறது. காட்டிய இடத்துக்குக் கிடைத்த நேரத்தில் தோற்றிருக்கிறது. யூடியூப் கொடுத்திருக்கும் தம்ப்நெயில் சோதனையும் இப்படித்தான் முடிவு சொல்கிறது. மூன்று தம்ப்நெயில் வரை போடலாம். வெவ்வேறு ஆட்களுக்கு வெவ்வேறு படத்தைக் காட்டி, கடைசியில் சி.டி.ஆர். எதற்கு அதிகம் என்று சொல்லாமல், வாட்ச் டைமில் எதற்கு எத்தனை பங்கு என்று சொல்லும். நம் கணக்கில் முதல் படத்துக்கு 55 சதவீதம் என்று வரும். தம்ப்நெயில் சோதனையில் சி.டி.ஆர். காட்டவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டவர்கள் உண்டு. காட்டாமல் விட்டது நல்லதுதான் என்பது என் கட்சி.

இந்த எண்ணை ஸ்டூடியோவிலிருந்து எடுக்கும் இடத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். சி.டி.ஆர். ஒரு பக்கத்தில் இருக்கும், சராசரிப் பார்வை நேரம் இன்னொரு பக்கத்தில் இருக்கும். இரண்டையும் எடுத்துப் பெருக்கிவிடுவார்கள். ஆனால் அந்தச் சராசரியில் எல்லா வழியாக வந்தவர்களும் கலந்திருக்கிறார்கள். அதே பைக் வீடியோ வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி, அங்கிருந்து நாலாயிரம் பேர் வந்து 8 நிமிஷம் பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சராசரி 6 நிமிஷம் 30 விநாடியாக ஏறிவிடும். அதை 4 சதவீதத்தால் பெருக்கினால் 15.6 விநாடி. உண்மையில் இம்ப்ரெஷன் சம்பாதித்தது 12தான். மீதி 3.6 விநாடி வாட்ஸ்அப் புண்ணியத்தில் வந்தது. அதற்கும் யூடியூப் கொடுத்த இடத்துக்கும் சம்பந்தமில்லை.

அதனால் Reach பகுதியில் இருக்கும் புனல் வடிவப் பெட்டிக்குப் போக வேண்டும். அதில் `Watch time from impressions (hours)` என்று தனியாக ஒரு எண் இருக்கும். நம் வீடியோவுக்கு அது 333 மணி. 3,600-ஆல் பெருக்கி லட்சத்தால் வகுத்தால் 12 விநாடி வந்துவிடும். இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் Advanced mode-இல் டிராஃபிக் சோர்ஸ் பிரித்து, Browse features வரிசையை மட்டும் எடுக்க வேண்டும். தேடல் முடிவில் தெரியும் தம்ப்நெயிலும் இம்ப்ரெஷன்தான். ஆனால் ‘செகண்ட் ஹேண்ட் பைக் எப்படிப் பார்ப்பது’ என்று தட்டச்சு செய்தவர் தேவையோடு வந்தவர். இரவு சாப்பிட்டுவிட்டு ஹோம் பக்கத்தைச் சும்மா தள்ளிக்கொண்டிருப்பவர் வேறு ஆள். இருவரையும் ஒரே சராசரியில் போட்டால் எண் யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

சரியாக எடுத்த எண்ணும் ஒரு விஷயத்தில் ஆளைப் பதற வைக்கும். வீடியோ போட்ட முதல் நாள் 5,000 இம்ப்ரெஷன், சி.டி.ஆர். 9 சதவீதம், பார்வை 4 நிமிஷம். இம்ப்ரெஷனுக்கு 21.6 விநாடி. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மொத்தம் 2 லட்சம் இம்ப்ரெஷன், 3.5 சதவீதம், 3 நிமிஷம் 20 விநாடி. கணக்கு 7 விநாடிக்கு வந்துவிட்டது. உடனே தம்ப்நெயிலை மாற்று, டைட்டிலை மாற்று என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் அதே வாரத்தில் மொத்த வாட்ச் டைம் 30 மணியிலிருந்து 389 மணிக்குப் போயிருக்கிறது. முதல் நாள் பார்த்தவர்களில் பெரும்பாலோர் வழக்கமாக வருகிறவர்கள். பிறகு யூடியூப் வீடியோவை முன்பின் தெரியாதவர்களிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறது. அவர்கள் குறைவாகத்தான் தொடுவார்கள்.

இங்கேதான் நம் எண்ணுக்கும் அந்த 2016 கட்டுரையின் எண்ணுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் தெரிகிறது. இயந்திரம் கணிப்பது ஒரே ஒரு பார்வையாளருக்கு, இந்த நேரத்தில், இந்த வீடியோ எத்தனை விநாடி தரும் என்பதை. பைக் வாங்கப்போகும் ஒருவருக்கு அது 60 விநாடியாக இருக்கலாம், பைக்கே ஓட்டத் தெரியாதவருக்குப் பூஜ்யமாக இருக்கலாம். நம் கையில் இருப்பது அவர்கள் எல்லோரையும் கலந்த சராசரி. அதுவும் யாருக்குக் காட்டலாம் என்று இயந்திரம் தேர்ந்தெடுத்த பிறகு கிடைத்த சராசரி. எனவே 7 விநாடி நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் கிடையாது. ஒரே சேனலின் இரண்டு வீடியோக்களை, இரண்டும் 50,000 இம்ப்ரெஷனைத் தொட்ட கட்டத்தில், ஒரே டிராஃபிக் சோர்ஸில் வைத்துப் பார்த்தால் மட்டும் பதில் உண்டு. அப்போது ஒன்று 11, இன்னொன்று 6 என்று வந்தால், இரண்டாவதில் ஏதோ கோளாறு. அது வாசலிலா வீட்டுக்குள்ளா என்று தெரிந்துகொள்ள அந்த நேரத்தில் சி.டி.ஆரையும் பார்வை நேரத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

நீளமும் கணக்கைக் கோணலாக்கும். மூன்று நிமிஷ வீடியோவைக் கிளிக் செய்த ஒவ்வொருவரும் கடைசி நொடி வரை பார்த்தாலும், 4 சதவீத சி.டி.ஆரில் 7.2 விநாடிக்கு மேல் போக முடியாது. நாற்பது நிமிஷ வீடியோவில் கால்வாசி பார்த்துவிட்டு எழுந்து போனால்கூட 24 விநாடி. இதை நம்பி, பத்து நிமிஷச் சரக்கை இருபத்தைந்துக்கு இழுத்தவர்கள் ஏராளம். இழுத்தால் ரிடென்ஷன் கோடு சரிந்துவிடும், ஆதாயம் பெரும்பாலும் வராது. எனக்குத் தெரிந்த சரியான வழி, ஏறக்குறைய ஒரே நீளமுள்ளவற்றை மட்டும் ஒப்பிடுவது. ஷார்ட்ஸை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. ஷார்ட்ஸ் ஃபீடில் தம்ப்நெயிலைப் பார்த்துக் கிளிக் செய்வது என்பதே இல்லை. வீடியோ தானாக ஓடும், ஆள் நிற்பாரா தள்ளிவிடுவாரா என்பதே கேள்வி.

கடைசியாக ஒன்று. பார்த்த நேரம் எல்லாம் பிடித்துப் பார்த்த நேரம் ஆகாது என்பது யூடியூபுக்கும் தெரியும். பரிந்துரைப் பொறுப்பில் இருந்த கிறிஸ்டோஸ் குட்ரோ 2021-இல் எழுதிய விளக்கத்தில், பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்டு, ஐந்துக்கு நான்கோ ஐந்தோ நட்சத்திரம் கிடைத்த வீடியோவின் நேரத்தை மட்டுமே மதிப்புள்ள நேரமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எல்லோரும் பதில் சொல்லமாட்டார்கள் என்பதால், கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கணிக்கவும் ஒரு மாடலைப் பழக்கியிருக்கிறார்கள். ஆக, பைக் வீடியோவின் 12 விநாடியில் எத்தனை விநாடி மனதாரப் பார்த்தது என்று யூடியூபுக்கு ஓர் ஊகம் உண்டு. வீடியோ போட்டவருக்கு ஸ்டூடியோவில் அந்தக் கணிப்பைக் காட்டுகிற பத்தி கிடையாது.