வலி பறந்துபோகுது, தொடை தளர்ந்துபோகுது... மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு எடுத்தால் உடம்புக்குள் என்ன நடக்கும்?

பட்டுக்குப் பேர்போன ஆரணியில் குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவரின் வேலை பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே நடக்கிறது. கால் இரண்டும் குழிக்குள் இருக்கும். மிதியை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். முதுகு முன்னால் வளைந்தே இருக்கும். இப்படி 20 வருடம் உட்கார்ந்தவருக்கு முழங்கால் வலியும் முதுகுவலியும் வருவதில் ஆச்சரியம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. அதனால் மெடிக்கல் ஷாப்பில், "வலிக்கு ரெண்டு செட்டு மாத்திரை குடுங்கண்ணா" என்று கேட்பது சுலபமான வழியாகிவிடுகிறது. ஆரணியில் மட்டும் இல்லை, உடம்பை வைத்துப் பிழைக்கும் எல்லா ஊரிலும் இதுதான் நிலைமை.

பேப்பரில் மடித்துத் தரும் அந்தச் செட்டில் ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, கூடவே சின்னதாக இன்னொன்று இருக்கலாம். வலி மாயமாகப் போனதற்குக் காரணம் பல நேரம் அந்தச் சின்னதுதான். பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று பெயர்கள் பல இருந்தாலும் எல்லாம் ஒரே குடும்பம்: குளுக்கோகார்ட்டிகாய்டு. நாம் பொதுவாக 'ஸ்டீராய்டு' என்று சொல்வது இதைத்தான். (ஜிம்மில் தசை வளர்க்கப் போடுவதாகச் சொல்லப்படும் ஸ்டீராய்டு வேறு வகை. இது தசையைக் கரைக்கிற வகை!)

உடம்பே தயாரிக்கிற மருந்து

சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதிகாலையில் அதிகம், நள்ளிரவில் மிகக் குறைவு. ஒரு நாள் சுரப்பை மாத்திரைக் கணக்கில் சொன்னால், சுமார் 5 மி.கி. பிரெட்னிசோலோன். டெக்ஸாமெத்தசோன் இன்னும் வீரியமானது. 0.75 மி.கி. போதும், அதே வேலையைச் செய்துவிடும். மாத்திரை சின்னதாக இருக்கிறது என்பதற்காக டோஸும் சின்னது என்று நினைக்க முடியாது.

கார்ட்டிசோலின் வேலை என்ன? காய்ச்சல், காயம், பட்டினி என நெருக்கடி வரும்போது உடம்பின் வரவு செலவை மாற்றி எழுதுவது. மூளைக்கு உடனே சர்க்கரை வேண்டும், அதற்குக் கையிருப்பில் இருக்கும் தசையின் புரதத்தை உடைத்துக் கல்லீரலுக்கு அனுப்பு. புது எலும்பு கட்டுவதை அப்புறம் பார்க்கலாம். எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறிக் கொதிக்காமல் அடக்கு. இரண்டு நாள் நெருக்கடிக்கு இது அருமையான ஏற்பாடு. தினமும் மாத்திரை போட்டால் உடம்பு தினமும் அதே நெருக்கடியில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. ஸ்டீராய்டின் பக்கவிளைவு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, அதன் இயல்பான வேலை நிற்காமல் நடப்பதுதான்.

ஒரு வருடக் கணக்கு

ஒரு நெசவாளரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 48. தினமும் காலை டிபனுக்குப் பிறகு 10 மி.கி. பிரெட்னிசோலோன் போடுகிறார். அதாவது உடம்பு ஒரு நாளைக்குச் சுரப்பதைப் போல இரண்டு மடங்கு.

முதல் வாரம் பிரமாதம். வலி இல்லை, பசி நன்றாக எடுக்கிறது, மனசில் ஒரு உற்சாகம். ராத்திரி மட்டும் தூக்கம் வருவதில்லை. 'உடம்பு தேறிட்டுது' என்று அவரே நம்புவார். மருந்தை விடவிடாமல் செய்வதும் இந்த உற்சாகம்தான்.

சர்க்கரை சத்தமில்லாமல் ஏறும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காலையில் போட்ட பிரெட்னிசோலோனின் தாக்கம் மதியத்திலிருந்து இரவு வரைதான் உச்சம். மறுநாள் காலைக்குள் இறங்கிவிடும். நம் ஊர் வழக்கப்படி அவர் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தால் ரிசல்ட் நார்மல் என்று வரலாம். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்திருந்தால் 250-க்கு மேல் காட்டியிருக்கலாம். ஸ்டீராய்டு எடுப்பவருக்கு வெறும் வயிற்று டெஸ்ட் மட்டும் போதாது என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

சில மாதத்தில் முகம் வட்டமாகும், வயிறு முன்னால் வரும். சொந்தக்காரர்கள் "நல்லா சதை போட்டுட்டீங்க மாமா" என்பார்கள். உண்மையில் சதை போகிறது. கொழுப்பு முகத்துக்கும் கழுத்துக்கும் வயிற்றுக்கும் இடம் மாறுகிறது. கையும் தொடையும் மெலிகின்றன.

தசை தேய்வது முதலில் இடுப்பையும் தோளையும் ஒட்டிய பெரிய தசைகளில் தெரியும். விரல்கள் பழையபடியே வேலை செய்யும், நாடாவை ஓட்டுவதில் குறை இருக்காது. ஆனால் நெய்து முடித்துக் குழியிலிருந்து எழும்போது தொடை தூக்காது. பலகையில் கை ஊன்றித்தான் எழ முடியும். மேலே பரணில் இருக்கும் பெட்டியை எடுக்கக் கை தூக்குவதும் கஷ்டமாகும். இதில் வலியே இருக்காது என்பது முக்கியம். வலி இருந்தால் மூட்டு, வலி இல்லாமல் பலம் மட்டும் குறைந்தால் தசை என்று தோராயமாகப் பிரித்துப் பார்க்கலாம். கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொல்லி டாக்டர்கள் சோதிப்பது இதைத்தான். குழித்தறிக்காரர் அந்தச் சோதனையைத் தினமும் தன்னையறியாமல் செய்துகொண்டிருக்கிறார். ஆனால் விடை தவறாகப் படிக்கப்படுகிறது: "மூட்டு இன்னும் சரியாகல போல, இன்னொரு மாத்திரை போடு."

எலும்பு விஷயத்தில் அவகாசம் இன்னும் குறைவு. எலும்பு இழப்பு வேகமாக நடப்பது முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில். புது எலும்பு கட்டும் செல்கள் குறைகின்றன, குடல் கால்சியத்தை உறிஞ்சுவதும் குறைகிறது. நாளைக்கு 2.5 மி.கி. அளவு பிரெட்னிசோலோன் மூன்று மாதத்துக்கு மேல் எடுப்பவருக்கே எலும்பு முறிவு அபாயத்தைக் கணக்கிட வேண்டும் என்கிறது அமெரிக்க மூட்டுவாத மருத்துவக் கல்லூரியின் 2022 வழிகாட்டி. நம் நெசவாளர் எடுப்பது அதைப் போல நான்கு மடங்கு. முதுகெலும்புக் கட்டை ஒன்று அமுங்கினால் திடீரென முதுகுவலி வரும், உயரம் கொஞ்சம் குறையும். இடுப்புப் பந்துமூட்டுக்கு ரத்த ஓட்டம் குறைந்து அந்த எலும்பு செத்துப்போவதும் உண்டு. தொடை இடுக்கில் ஆரம்பிக்கும் வலி அதற்கான அடையாளம்.

எலும்பு வலிக்கும் வலி மாத்திரைதானே? ஸ்டீராய்டோடு வலி மாத்திரையும் சேரும்போது வயிற்றுப்புண், ரத்தக்கசிவு ஆபத்து கூடும். மலம் கறுப்பாகப் போனால் தள்ளிப்போடவே கூடாது.

2021 கற்றுக்கொடுத்தது

எதிர்ப்புச் சக்தி அடங்குவது என்றால் என்னவென்று தமிழ்நாடு நேரில் பார்த்த வருடம் 2021. பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு 2020 ஜூனில், ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கும் என்று நிரூபித்தது. டோஸ் நாளைக்கு 6 மி.கி., அதிகபட்சம் 10 நாள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. இரண்டாவது பாதி பலர் காதில் விழவில்லை. இரண்டாம் அலையில் லேசான காய்ச்சலுக்கும் வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டைப் பார்த்து வீட்டிலேயே ஸ்டீராய்டு போட்டவர்கள் நிறைய.

அதன் பின்னால் வந்தது கறுப்புப் பூஞ்சை. காற்றிலும் மண்ணிலும் எப்போதும் இருக்கிற பூஞ்சைதான். கட்டுப்பாடில்லாத சர்க்கரையும், ஸ்டீராய்டால் மந்தமான வெள்ளணுக்களும் சேர்ந்த உடம்பில் மூக்கு வழியாகக் கண்ணுக்கும் மூளைக்கும் ஏறியது. கொரோனா பாதிப்பும் சேர்ந்துகொண்டது. மே மாதம் தமிழக அரசு இதை, கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

நம் நெசவாளரின் 10 மி.கி. அந்த அளவு பெரிய டோஸ் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் ஓடுகிறது. தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமி எழுந்துகொள்ளலாம். அதைவிடச் சிக்கல், காய்ச்சலை ஸ்டீராய்டு மூடி மறைத்துவிடும். எடை குறைவதும் இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் இருமலும் மட்டும்தான் துப்பு கொடுக்கும்.

வீட்டில் சண்டை, ராத்திரி நடமாட்டம்

மனநிலை மாற்றத்தை யாரும் மாத்திரையோடு இணைத்துப் பார்ப்பதில்லை. தூக்கமின்மை, எரிச்சல், பேச்சு கூடுவது, அப்புறம் சோர்வு, அழுகை. 1972-ல் பாஸ்டனில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று டோஸோடு இது எப்படி ஏறுகிறது என்று காட்டியது: பிரெட்னிசோன் 40 மி.கி. வரை எடுத்தவர்களில் 1.3 சதவீதம் பேருக்குத் தீவிர மனநலப் பிரச்சினை. 80 மி.கி.க்கு மேல் போனவர்களில் அது 18.4 சதவீதம். லேசான எரிச்சலும் தூக்கக் கெடுதலும் சிறு டோஸிலேயே வரும். "இவருக்குக் குடும்பக் கவலை" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள்.

அப்போ நாளைக்கே நிறுத்திடலாமா?

கூடாது. வெளியிலிருந்து தினமும் கார்ட்டிசோல் மாதிரி ஒன்று வந்துகொண்டிருந்தால், அட்ரினலுக்கு உத்தரவு போடும் பிட்யூட்டரி சுரப்பி மௌனமாகிவிடும். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் எடுத்தாலே இது ஆரம்பிக்கலாம். வருடக்கணக்கில் எடுத்தவரின் அட்ரினல் சுருங்கியே போயிருக்கும். திடீரென நிறுத்தினால் படுத்த படுக்கையாகும் சோர்வு, வாந்தி, வயிற்றுவலி, ரத்த அழுத்தம் விழுவது என்று வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்தியதால் வந்த உடம்புவலியை 'பழைய நோய்' என்று நினைத்துத் திரும்பக் கடைக்குப் போகிறவர்களும் உண்டு.

டாக்டர் செய்வது படிப்படியான குறைப்பு. 10 மி.கி.யிலிருந்து சில வாரத்துக்கு ஒருமுறை 2.5 மி.கி. குறைத்து 5-க்குக் கொண்டுவந்து, பிறகு மாதம் 1 மி.கி. என்பது ஒரு வழி. ஆளுக்கு ஆள் மாறும். கடைசிக் கட்டத்தில் காலை எட்டு ஒன்பது மணிக்கு, அன்றைய மாத்திரை போடுவதற்கு முன்பு, ரத்தத்தில் கார்ட்டிசோல் பார்ப்பார்கள். 2024-ல் ஐரோப்பிய, அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டிப்படி 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துக்கொண்டது, நிறுத்தலாம். 5-க்குக் கீழே என்றால் இன்னும் சில மாதம் தொடர வேண்டும்.

லூபஸ், சிறுநீரக நோய், ஆஸ்துமா என்று டாக்டர் கண்காணிப்பில் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மருந்தை விட்டுவிட வேண்டாம். அவர்களுக்கு அளவும் காலமும் கணக்கிட்டு, சர்க்கரை, எலும்பு, கண் எல்லாம் பார்த்துக்கொண்டேதான் தருகிறார்கள். இன்ஹேலரில் போவது மைக்ரோகிராம் கணக்கு, பெரும்பகுதி நுரையீரலிலேயே வேலை செய்கிறது.

மற்றவர்கள் செய்யக்கூடிய எளிய விஷயம், பேப்பரில் மடித்த செட்டை வாங்காமல் அட்டையோடு கேட்பது. சட்டப்படி இவை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'எச்' பட்டியல் மருந்துகள். அட்டையில் பெயர் இருக்கும். 'இயற்கை' என்று விற்கும் மூட்டுவலிப் பொடியிலும் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டதுண்டு. ரெண்டே நாளில் வலி முழுசாகப் போனால் சந்தேகப்படுங்கள்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் எடுத்திருந்தால், நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தாலும், ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். இப்போதும் எடுத்துக்கொண்டிருப்பவர் வாந்தியால் மாத்திரையைத் தக்கவைக்க முடியவில்லை என்றால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. அவசரப் பிரிவில் "ஸ்டீராய்டு எடுக்கிறவர்" என்பதை முதல் வார்த்தையாகச் சொன்னால், 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போடுவார்கள். அதைச் சொல்லாவிட்டால் வெறும் வாந்தி கேஸாகப் பார்க்கப்பட வாய்ப்பு அதிகம்.