இறுதிச் சுற்று வரை வந்தவருக்கு எழுதும் கடிதம்

இறுதி நேர்காணலுக்கு வந்தவர் பெரும்பாலும் லீவு போட்டுவிட்டு வந்திருப்பார். வேறு இடத்தில் கிடைத்த வேலைக்குப் பதில் சொல்லாமல் காத்துக்கொண்டும் இருக்கலாம். அவருக்கு வேலை இல்லை என்றால், அதை அவர் சீக்கிரமாகவும் தெளிவாகவும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பின்னலாடை நிறுவனம் கணக்கு மேலாளரைத் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் இருவர் நிற்கிறார்கள். தேர்வாகாதவருக்கு இப்படி எழுதலாம்:

“வணக்கம். கணக்கு மேலாளர் பணிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். உங்களுக்கு இந்த வேலையைத் தர இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். ஏற்றுமதிக் கணக்கை முதல் நாளிலிருந்தே தனியாகப் பார்ப்பவர் எங்களுக்குத் தேவைப்பட்டார். அதை ஆடிட்டர் உதவியுடன்தான் செய்திருப்பதாக நேர்காணலில் சொன்னீர்கள். சரக்கு இருப்புக் கணக்கில் இருந்த பிழையை நீங்கள் கண்டுபிடித்து விளக்கிய விதம் எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. மேலும் பேச விரும்பினால் கீழே உள்ள எண்ணில் என்னை அழையுங்கள்.”

முடிவு முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. பாராட்டில் தொடங்கினால், படிப்பவரின் கண் அடுத்து வரும் ‘ஆனால்’ என்ற சொல்லைத்தான் தேடும். சொன்ன பாராட்டும் வீணாகிவிடும். இங்கே பாராட்டு பின்னால் வருகிறது, அவர் செய்த ஒரு காரியத்தைக் குறிப்பிட்டுச் சொல்கிறது. அதனால் நம்ப முடிகிறது.

காரணம்தான் கடினமான பகுதி. “தகுதி போதவில்லை” என்பது பொய். போதாதவரை இறுதிச் சுற்றுக்கு ஏன் அழைத்தார்கள்? “எங்களுக்குப் பொருந்தவில்லை” என்பது அதைவிட மோசம். சாதியா, ஊரா, பேச்சா, கல்யாணமாகி குழந்தை இருப்பதா என்று அவர் மனம் அலைபாயும். வேலைக்குத் தேவையான ஒன்றை, நேர்காணலில் பேசப்பட்ட ஒன்றை, காரணமாகச் சொன்னால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. அப்படி ஒரு காரணத்தை எழுதவே முடியவில்லை என்றால், தேர்வு நடந்த விதத்தைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

“எதிர்காலத்தில் வாய்ப்பு வந்தால் அழைக்கிறோம்” என்ற வரியை, உண்மையில் அழைக்கும் எண்ணம் இல்லாவிட்டால் எழுதக்கூடாது. அதை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

எப்போது அனுப்புவது? தேர்வானவர் பணி ஆணையை ஏற்றுக் கையெழுத்திட்ட உடனே. பல நிறுவனங்கள் அப்படிச் செய்வதில்லை. தேர்வானவரின் நோட்டீஸ் காலம் சில இடங்களில் 90 நாள் வரை இருக்கும். அதற்குள் பழைய நிறுவனம் சம்பளத்தை உயர்த்தி அவரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். அந்தப் பயத்தில் இரண்டாமவருக்கு எதுவும் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் பாதுகாப்புக்கு விலை கொடுப்பவர் அவர்தான். கையெழுத்து தாமதமானால், “வேறொருவருக்கு முதலில் வாய்ப்புத் தந்திருக்கிறோம், 10-ஆம் தேதிக்குள் சொல்லிவிடுகிறோம்” என்று உண்மையைச் சொல்லிவிடலாம். தேர்வானவர் பிறகு வராமல் போனாலும், இவரை மறுபடி அழைப்பதற்குத் தடையில்லை. நேர்மையாக நடத்தப்பட்டவர் அந்த அழைப்பை எடுப்பார்.