பெரிய ஆலை, மலிவான மா: சீனக்குடா சொல்லும் கணக்கு

திருகோணமலை சீனக்குடாவில் சிங்கப்பூரின் பிரிமா நிறுவனம் 1980 முதல் நடத்தும் ஆலை, உலகின் பெரிய கோதுமை மா ஆலைகளில் ஒன்று. கோதுமை விளையாத நாட்டில் இத்தனை பெரிய ஆலை ஏன்? விடை துறைமுகத்தின் ஆழத்தில் தொடங்குகிறது என்பேன்.

ஆழமான கடலில் பெரிய கப்பல் ஆலையின் இறங்குதுறைக்கே வரலாம். 50,000 தொன் கப்பலுக்கு 10,000 தொன் கப்பலைப்போல் ஐந்து மடங்கு மாலுமிகளோ எரிபொருளோ தேவையில்லை. எனவே தொன்னுக்கான கப்பல் கூலி குறைகிறது.

கோதுமையைச் சேமிக்கும் உருளைக் களஞ்சியத்திலும் இதே கதைதான். அதன் உயரத்தையும் விட்டத்தையும் இரட்டித்தால் சுவரின் பரப்பு 4 மடங்காகும். கொள்ளளவோ 8 மடங்காகும்.

அடுத்தது நிலையான செலவு. கடன் வட்டி, பராமரிப்பு, நிரந்தரச் சம்பளம் எல்லாம் சேர்ந்து ஓர் ஆலைக்கு நாளொன்றுக்கு 50 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். 1,000 தொன் அரைத்தால் அது கிலோவுக்கு 5 ரூபா. 2,000 தொன் அரைத்தால் 2.50 ரூபா. ஆனால் கோதுமை வராமல் 500 தொன் மட்டும் அரைத்தால் 10 ரூபா. பெரிய ஆலையின் பலவீனமும் இதுதான்: அது நிறைந்து ஓட வேண்டும்.

இன்னோர் எல்லையும் உண்டு. அளவு குறைப்பது அரைக்கும் செலவையும் கொண்டுவரும் செலவையும் மட்டுமே, கோதுமையின் விலையை அல்ல. 2022இல் டொலர் தட்டுப்பாட்டால் ரூபா வீழ்ந்தபோது, மா விலையும் பாண் விலையும் எகிறியதை எந்தப் பெரிய ஆலையாலும் தடுக்க முடியவில்லை. மிச்சமாகும் அந்த இரண்டரை ரூபாவும், போட்டி இருந்தால்தான் பேக்கரி வரை வந்து சேரும்.