பேசாத நிமிடங்களை எழுதுவது

பத்து நிமிடத் தியானக் காணொளி. திரையில் விடியற்காலை ஓடை. பாறையைச் சுற்றி நழுவும் நீர். இதற்கு ஸ்கிரிப்ட் எழுதும்போது ஆறே வரிகள் போதும். எழுத வேண்டியது பெரும்பாலும் மௌனத்தைத்தான்.

தாளின் இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் வரி. முதல் 40 விநாடி நீரோசை மட்டும். பிறகு, “நீரைப் பாருங்கள்.” கண்ணை மூடச் சொன்னால் காட்சி வீணாகிவிடும். 1:20-இல், “மூச்சு தன் போக்கில் வரட்டும்.” எண்ணி இழுக்கச் சொல்வதில்லை, ஒவ்வொருவர் மூச்சும் ஒரு வேகம். 2:20-இல், “தோள்களைத் தளர விடுங்கள்.” இடைவெளி இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். 4:20-இல், “இனி மூன்று நிமிடம் நான் பேசமாட்டேன்.” இந்த முன்னறிவிப்பு இல்லாவிட்டால், காணொளி நின்றுவிட்டதோ என்று பார்ப்பவரின் கை கைபேசிக்குப் போகும். 7:30-இல், “மனம் எங்கோ போயிருந்தால், மெல்ல நீருக்குத் திரும்புங்கள்.” 9:00-இல், “விரல்களை அசைத்துப் பாருங்கள்.”

மௌனம் என்றால் ஒலியே இல்லாமை அன்று. குரல் நின்றதும் ஓடைச் சத்தமும் அறுந்தால் திடுக்கிடும். அது அடியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நீண்ட மௌனத்தின் நடுவே காட்சியையும் வெட்டக் கூடாது.

எழுதி முடித்ததும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழு நேரமும் உட்கார்ந்து பாருங்கள். தாளில் மூன்று நிமிடம் ஒரே வரி. உட்கார்ந்தால்தான் அதன் நீளம் தெரியும்.